உழைப்பு 8 ரூபா, விலை 40 ரூபா: மலிவா?

கொழும்புப் பங்குச் சந்தையில் நேரடியாகப் பங்கு வாங்கும் எங்கள் பகுதி ஆட்கள் அனுப்பிய கேள்விகளில் முதலாவது கேள்விக்குள்ளேயே மற்றவையும் அடங்கிக் கிடந்தன. அதனால் அந்த ஒரு கம்பனியை வைத்தே எல்லாருக்கும் பதில் எழுதுகிறேன். கம்பனியின் பெயரை எடுத்துவிட்டு, இலக்கங்களைக் கணக்குப் போட வசதியாக மாற்றியிருக்கிறேன்.

பரந்தனில் இருந்து ஒரு தம்பி: அண்ணை, உழவு இயந்திரமும் தண்ணிப் பம்பும் விக்கிற கம்பனி. பங்கு 40 ரூபா. பங்கொன்றுக்கான உழைப்பு 8 ரூபா. ஐந்து வருஷத்தில போட்ட காசு திரும்பி வந்திடும்தானே?

தம்பி, பழைய உழவு இயந்திரம் ஒன்றை ஒருவர் உமக்கு 10 லட்சத்துக்குத் தருகிறார், மிச்ச லீசிங் 12 லட்சத்தையும் நீர்தான் கட்ட வேண்டும் என்றால், அதன் விலை 10 லட்சம் என்று சொல்வீரா? 22 லட்சம் என்றுதானே சொல்வீர். பங்கையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

இந்தக் கம்பனிக்கு ஒரு கோடி பங்குகள் இருக்கின்றன. 40 ரூபாப்படி பார்த்தால் பங்குகளின் மொத்த விலை 40 கோடி. வங்கிக் கடன் 50 கோடி, கையிருப்புக் காசு 2 கோடி. கடனைக் கூட்டிக் காசைக் கழித்தால் முழு வியாபாரத்தின் விலை 88 கோடி. நீர் 40 என்று பார்த்தது அதில் பாதி கூட இல்லை.

அடுத்தது அந்த 8 ரூபா. அது கணக்கில் வந்த இலாபம். காசாக வந்ததா என்பது வேறு கேள்வி. அதைக் கீழே இன்னொருவர் கேட்டிருக்கிறார், அங்கே வருகிறேன்.

வவுனியாவில் இருந்து ஒரு தங்கச்சி: அதே கம்பனியின் அறிக்கையை நானும் பார்த்தேன். கடன் 350,000 என்றுதான் கிடக்கு. மூன்றரை லட்சம் ஒரு கம்பனிக்குப் பெரிய கடனா? நீங்கள் எங்கே 50 கோடியைக் கண்டீங்கள்?

நிதிநிலைமைக் கூற்றின் மேலே, ஆண்டுக்குக் கீழே, சின்னதாக ரூ.'000 என்று எழுதியிருக்கும் பாருங்கள். எல்லா இலக்கமும் ஆயிரத்தில். அப்படியென்றால் 350,000 என்பது 35 கோடி. இந்தப் பிழையை அனுபவப்பட்டவர்களும் விடுகிறார்கள், குறிப்பாக ஒரு கம்பனியின் அறிக்கை ஆயிரத்திலும் மற்றதன் அறிக்கை மில்லியனிலும் இருக்கும்போது.

நீங்கள் பார்த்த 350,000 நடைமுறைப் பொறுப்புகளுக்குள் இருப்பது, ஒரு வருடத்துக்குள் கட்ட வேண்டியது. வங்கி மேலதிகப் பற்றும் அதற்குள்தான். அதற்கு மேலே நடைமுறையல்லாப் பொறுப்புகளில் இன்னொரு 150,000 இருக்கிறது. இரண்டையும் கூட்டினால் 50 கோடி. கடன் ஒரே இடத்தில் நிற்காது, இரண்டு தலைப்பின் கீழும் தேட வேண்டும். கையில் 2 கோடி வைத்துக்கொண்டு 35 கோடியை ஒரு வருடத்துக்குள் புதுப்பிக்க வேண்டிய கம்பனி இது. வங்கி முகம் சுளித்தால் என்ன நடக்கும் என்பதையும் யோசியுங்கள்.

முல்லைத்தீவில் இருந்து ஓர் ஆசிரியர்: கடன் இல்லாத வியாபாரம் எங்கே இருக்கு? வட்டியைக் கட்டி, வரியைக் கட்டின பிறகுதானே 8 ரூபா மிஞ்சுது. கடனை அதிலேயே பார்த்தாயிற்றே. பிறகேன் இன்னொருக்கால் பார்க்க வேணும்?

பாதி சரி, சேர். இந்த வருட வட்டியை இலாபம் பார்த்துவிட்டது. அடுத்த வருட வட்டியைப் பார்க்கவில்லை.

வியாபாரத்தில் வந்த இலாபம், வட்டிக்கு முன்னர், 17.5 கோடி. கடன் 50 கோடிக்கு 12 சதவீதப்படி வட்டி 6 கோடி. மிச்சம் 11.5 கோடி. 30 சதவீத வரி போனால் 8.05 கோடி. அதுதான் தம்பி சொன்ன 8 ரூபா.

இப்போது வட்டியை மட்டும் 24 சதவீதமாக்குங்கள். விற்பனை ஒரு சதமும் குறையவில்லை. வட்டி 12 கோடி, மிச்சம் 5.5 கோடி, வரி போக 3.85 கோடி. பங்கொன்றுக்கு 8 ரூபா 4 ரூபாவுக்கும் கீழே வந்துவிட்டது. ஐந்து வருடக் கணக்கு பத்து வருடக் கணக்காகிறது.

இது கற்பனை இல்லை. 2022இல் திறைசேரி உண்டியல் வட்டியே 30 சதவீதத்தைத் தாண்டியது. அதற்கு முதல் வருடம் நானும் இப்படிக் கடன் கூடிய ஒரு கம்பனியின் பங்கை, விலை உழைப்பைப் போல ஐந்து மடங்குதானே என்று வாங்கினேன். அதன் கடன் எல்லாம் மிதக்கும் வட்டியில் இருந்ததை அறிக்கையின் குறிப்புப் பகுதியில் எழுதியிருந்தார்கள், நான் வாசிக்கவில்லை. பங்கிலாபம் நின்றுபோனது. அதனால்தான் கடன் குறிப்பைத் திறந்து, வட்டி நிலையானதா, சந்தையோடு ஏறி இறங்குவதா, எதை ஈடு வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்கிறேன்.

கிளிநொச்சியில் இருந்து ஒரு வங்கி உத்தியோகத்தர்: இலாபம் 8 கோடி காட்டுறாங்கள், ஆனால் காசுப்பாய்ச்சல் கூற்றில் தொழிற்பாட்டுக் காசு மறையில் நிற்குது. அப்ப கணக்கு பொய் என்றுதானே அர்த்தம்?

அவ்வளவு தூரம் போக வேண்டாம். இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

8.05 கோடி இலாபத்தோடு பெறுமானத்தேய்வு 3 கோடியைக் கூட்டுங்கள், ஏனென்றால் அது காசாக வெளியே போகவில்லை. பிறகு வருமதிகள் 18 கோடியில் இருந்து 25 கோடிக்கு ஏறியிருக்கின்றன. அந்த 7 கோடிக்குப் பொருள் போய்விட்டது, காசு வரவில்லை. களஞ்சியத்திலும் பொருள் 5 கோடியால் கூடியிருக்கிறது. 11.05இல் இருந்து 12 போனால் மறை 95 லட்சம். அதுதான் நீங்கள் கண்டது.

கேட்க வேண்டியது, இந்த 7 கோடி விற்பனை வளர்ந்ததால் வந்ததா என்பதுதான். விற்பனை 100 கோடியில் இருந்து 110 கோடிக்கு வந்திருக்கிறது, அதாவது 10 சதவீதம். வருமதி ஏறியதோ கிட்டத்தட்ட 39 சதவீதம். நாளில் பார்த்தால் இன்னும் தெளிவு: 18ஐ 100ஆல் பிரித்து 365ஆல் பெருக்கினால் 66 நாள். 25ஐ 110ஆல் பிரித்துப் பெருக்கினால் 83 நாள். விற்ற காசு கைக்கு வர 17 நாள் கூடப் பிடிக்கிறது. விற்பனையைக் கூட்டிக் காட்டக் கடனை அள்ளிக் கொடுத்தார்களா, வாங்கியவர்கள் கட்ட முடியாமல் நிற்கிறார்களா என்பதை வருமதிக் குறிப்பில் உள்ள வயது அட்டவணை ஓரளவுக்குச் சொல்லும். 180 நாள் தாண்டியது பெருகி, அறவிடமுடியாக் கடன் ஏற்பாடு மட்டும் அசையாமல் நின்றால், இலாபம் நாளைக்குக் குறையப் போகிறது.

மாங்குளத்தில் இருந்து ஓர் ஆலைக்காரர்: நானும் அரிசி ஆலை வைத்திருக்கிறேன். காலபோக நெல் வாங்க மாசி, பங்குனியில கடன் எடுப்பேன். அந்த நேரம் என்ரை கணக்கைப் பார்த்தால் நானும் கடன்காரன்தான். என்ரை ஆலைக்கு என்ன விலை சொல்லலாம்?

ஐயா, உங்கள் ஆலைக்கு விலை சொல்ல ஆலையின் கணக்கு முழுவதும் வேண்டும், அதை வேறாகப் பேசுவோம். ஆனால் நீங்கள் சொன்ன விடயம் எங்கள் கேள்விக்கும் பொருந்துகிறது, நான் மேலே சொல்லாமல் விட்டதும் அதுதான்.

இந்தக் கம்பனியின் கணக்கு மார்ச் 31இல் முடிகிறது. அறுவடை முடிந்து நெல் விற்று விவசாயி காசு கட்டுவது அதற்குப் பிறகும் நடக்கும். அந்த ஒரு நாளில் எடுத்த படத்தில் வருமதி வீங்கித்தான் தெரியும். ஆனால் போன வருடமும் அதே மார்ச் 31தான். அந்த நாளோடு ஒப்பிட்டும் 66 நாள் 83 ஆகியிருக்கிறது. அறுவடை இந்த முறை பிந்தியதா என்பது உங்களைப் போன்றவர்களுக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும்.

முதல் கேட்ட பரந்தன் தம்பி மறுபடியும்: சரி அண்ணை, அப்ப என்ன விலைதான் சரி?

இரண்டு விலை சொல்கிறேன், ஒன்றோடு நிற்க வேண்டாம்.

தொழிற்பாட்டுக் காசில் இருந்து இயந்திரம், கட்டடத்துக்குச் செலவழித்த 4 கோடியையும் கழித்தால் இந்த வருடம் மறை 5 கோடியளவு. ஒரு வருடத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. முந்திய நான்கு வருடமும் இதே மாதிரிப் பார்த்தால் 6, 5, 4, 1 கோடி. ஐந்தையும் சேர்த்தால் 11 கோடி, சராசரி வருடத்துக்கு 2.2 கோடி. இலாபம் ஏறிக்கொண்டிருக்க, காசு வருடா வருடம் இறங்கி வந்திருப்பதையும் கவனியும்.

இப்படிக் கடன் உள்ள கம்பனியில் 15 சதவீதம் கிடைக்காவிட்டால் எனக்கு வேண்டாம். நீர் வேறு வீதம் வைக்கலாம், ஆனால் நிலையான வைப்பில் கிடைப்பதைவிடக் கூட இருக்க வேண்டும். 2.2ஐ 0.15ஆல் பிரித்தால் 14.7 கோடி, பங்குக்கு 14 ரூபா 70 சதம். காசுக்குப் பதிலாக இலாபம் 8.05ஐப் போட்டால் 53 ரூபா 70 சதம். வட்டி கட்டிய பிறகு மிஞ்சியதை எடுத்ததால் கடனை இங்கே திரும்பக் கழிக்கக் கூடாது. கடனையும் சேர்த்த 88 கோடியோடு ஒப்பிட வேண்டியது வட்டிக்கு முந்திய 17.5 கோடியை. இரண்டையும் குழப்புவது எல்லாரும் விடும் பிழை.

40 ரூபா இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கிடக்கிற வருமதியும் பொருளும் காசாகத் திரும்பினால் 40 மலிவு, திரும்பாவிட்டால் விலை கூட. வளர்ச்சியை நான் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டும் என்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு சண்டை பிடிக்க மாட்டேன். ஆனால் காசைத் தின்னும் வளர்ச்சிக்கு நான் விலை கொடுப்பதில்லை.

செட்டிகுளத்தில் இருந்து ஒரு அக்கா: இதே கணக்கை ஒரு நிதிக் கம்பனிக்குப் போட்டால் எல்லாம் பயங்கரமா வருதே?

வரும் அக்கா. வைப்பும் கடனும்தான் அவர்களின் கச்சாப் பொருள், அதைக் கடன் என்று கழிக்க முடியாது. அங்கே மூலதனப் போதுமையையும் வசூலாகாத கடனின் பங்கையும் பார்க்க வேண்டும். இந்தக் கணக்கை வங்கி, நிதி, காப்புறுதிக் கம்பனிகளுக்குப் போட வேண்டாம்.

பரந்தன் தம்பி: ஆனால் 3 ரூபா பங்கிலாபம் தந்தாங்களே அண்ணை. காசு இல்லாமலா தந்தவங்கள்?

காசுப்பாய்ச்சல் கூற்றின் கடைசிப் பகுதியைப் பாரும். புதிதாக எடுத்த கடன், கட்டியது போக, 8 கோடி. தொழிற்பாட்டில் போன 95 லட்சம், இயந்திரத்துக்கு 4 கோடி, பங்கிலாபம் 3 கோடி, மொத்தம் 7 கோடி 95 லட்சம். உமக்கு வந்த 3 ரூபா வங்கியில் இருந்து வந்தது.

ஏப்ரல் முதல் ஜூன் வரையான காலாண்டு அறிக்கை ஆகஸ்ட் நடுப்பகுதிக்குள் cse.lk இல் வந்துவிடும். வருமதி 25 கோடியில் இருந்து இறங்கியிருக்கிறதா, குறுங்காலக் கடன் 35 கோடியில் நிற்கிறதா என்று இரண்டே வரியைப் பார்த்து எழுதும். அதற்குப் பிறகு திரும்பப் பேசுவோம்.