செல்லப்பிராணி போன பிறகு, வெளியே சொல்லக் கூசும் துக்கம்: கால்நடை மருத்துவரிடம் கேள்வி பதில்

நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்ப்பவள் நான். கடைசி நாட்கள், கடைசி ஊசி, அதற்குப் பிறகு வீட்டில் நடப்பவை பற்றிக் கேளுங்கள். மனிதர்களுக்கான மருந்து, மாத்திரை பற்றிய கேள்விகளுக்கு மனநல மருத்துவர்தான் சரியான ஆள்.

செந்தில்: நாய் போய் ரெண்டு வாரம் ஆச்சு மேடம். ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது. பாத்ரூம்ல போய் அழுதுட்டு முகம் கழுவிட்டு வந்து உட்கார்றேன். அம்பது வயசு ஆம்பளை. நாய்க்குப் போயா இப்படின்னு எனக்கே கூச்சமா இருக்கு.

ஊர் ஒப்புக்கொள்ளாத துக்கம் என்று ஒன்று உண்டு. கென்னத் டோக்கா என்ற ஆய்வாளர் 1989-ல் அதைப் பற்றித் தனியாகவே எழுதினார். உறவினர் இறந்தால் நாலு பேர் வீட்டுக்கு வருவார்கள், "எப்படி ஆச்சு?" என்று கேட்பார்கள். நீங்களும் நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்வீர்கள். சொல்லச் சொல்ல, நடந்தது ஒரு ஒழுங்குக்கு வரும். நாய் இறந்தால் அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லை. அதனால் கடைசி நாளின் ஏதோ ஒரு காட்சி மட்டும் மனதில் அப்படியே நின்றுவிடுகிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று வைத்தியரிடம் கேட்கவும் கூச்சம் விடுவதில்லை.

அழுகையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நாய் எப்படி இறந்தது என்று எழுதவில்லை. எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

பிரியா: புது நாய்க்குட்டி எப்ப வாங்கலாம்?

மனதளவில் இத்தனை நாள் என்று கணக்கு எதுவும் இல்லை. உடலளவில் ஒன்று உண்டு. போன நாய் பார்வோ வந்து இறந்திருந்தால் அந்தக் கிருமி வீட்டு மண்ணில் ஒரு வருடம்கூடத் தங்கும். தடுப்பூசி முழுவதும் போட்டு முடிக்காத குட்டியை அங்கே கொண்டுவராதீர்கள்.

ராமநாதன்: செந்தில் சாருக்கு ஒரு வார்த்தை. துக்கத்துக்கு அஞ்சு கட்டம் இருக்கு. மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, கடைசியா ஏற்பு. இவர் இப்ப முதல் கட்டத்துல இருக்கார். வரிசையா கடந்து வந்துடுவார்.

பாதி சரி. கோபமும் பேரமும் வரும், பலரிடம் பார்த்திருக்கிறேன். "இன்னும் ஒரு வாரம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா?" என்று கேட்பது பேரம்தான். ஆனால் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-ல் அந்த ஐந்தையும் எழுதியது, சாகப்போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளோடு பேசிவிட்டு. பறிகொடுத்தவர்கள் வரிசையாக ஏறும் படிகள் அல்ல அவை. "இன்னும் ஏற்பு வரலையே, எனக்கு என்ன கோளாறு?" என்று புதிதாக ஒரு கவலை ஆரம்பிக்க வேண்டாம்.

செந்தில்: சொல்றேன் மேடம். பதிமூணு வயசு. சிறுநீரகம் போயிடுச்சுன்னாங்க. கடைசி மூணு நாள் எதுவும் சாப்பிடல, வாந்தி. டாக்டர் சொல்லித்தான் ஊசிக்குச் சம்மதிச்சேன். ஊசி போட்டு முடிச்ச பிறகு ரெண்டு தடவை பெருசா மூச்சு இழுத்துச்சு. சிறுநீர் போயிடுச்சு. கண்ணை மூடவே இல்ல, என்னைப் பார்த்துக்கிட்டே போச்சு. வலியிலதான் போயிருக்கும். நான்தான் கொன்னுட்டேன். வீட்டுல கூட இதைச் சொல்லல.

இதை நிதானமாகப் பார்க்க வேண்டும். நீங்கள் பார்த்ததை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

வழக்கமாக முதலில் மயக்கத்துக்கு ஒரு ஊசி போடுவோம். சில நிமிடங்களில் தலை தொங்கும், பிடி தளரும். அதன்பின் முன்னங்காலில் கொஞ்சம் முடியை மழித்து, ரத்த நாளத்தில் சிறு குழாய் ஏற்றி, அதன் வழியே பென்டோபார்பிட்டால் என்ற மருந்தைச் செலுத்துவோம். இதுவும் மயக்க மருந்து வகைதான், அளவு மிக அதிகம். மருந்து மூளைக்குப் போனதும் முதலில் அணைவது உணர்வு, அதுவும் சில நொடிகளில். பிறகு மூச்சு நிற்கும், அதன் பின் இதயம். பெரும்பாலும் எல்லாம் சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடும்.

நீங்கள் பார்த்த பெருமூச்சு, உணர்வு போன பிறகு மூளைத்தண்டு தானாகத் தூண்டிவிடுவது. அந்த நேரத்தில் வலியை உணரும் நிலையில் நாய் இருக்காது. தோல் துடிப்பது, கால் லேசாக இழுப்பதும் இப்படித்தான். சிறுநீர் போனது பையின் வாயை இறுக்கிப் பிடித்திருந்த தசை தளர்ந்ததால். கண்ணை மூடி வைத்திருக்கவும் தசை வேலை செய்ய வேண்டும். உயிர் போன நாயின் இமை அநேகமாகத் திறந்தே இருக்கும். நாங்கள் விழியை விரல் நுனியால் தொட்டு, இமை அசைகிறதா என்று பார்ப்போம். அசைவில்லை என்றால் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத்தான் "முடிந்தது" என்போம். கண் உங்கள் பக்கம் திறந்திருந்தது. ஆனால் அது உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

வலி இருந்திருந்தால் அடையாளம் வேறு. மருந்து ரத்த நாளத்தை விட்டு வெளியே கசிந்தால் நாய் காலை வெடுக்கென்று இழுக்கும், கத்தும், அந்த இடம் வீங்கும். எனவே இரண்டு கேள்விகள். முன்னதாக மயக்க ஊசி போட்டார்களா? மருந்து ஏறும்போது காலை இழுத்ததா, கத்தியதா?

செந்தில்: முதல்ல ஒரு ஊசி போட்டாங்க. அஞ்சு பத்து நிமிஷத்துல தலையை என் கையில சாய்ச்சுடுச்சு. ரெண்டாவது ஊசிக்கு அசையவே இல்ல. கத்தல.

அப்படியானால் அது தூக்கத்திலேயே போயிருக்கிறது. நான் அங்கே இல்லை. அதனால் அந்த டாக்டரிடமே ஒருமுறை போய், என்ன மருந்து, எவ்வளவு கொடுத்தார் என்று சிகிச்சைப் பதிவைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். இப்படித் திரும்பி வந்து கேட்பவர்களை நாங்கள் தப்பாக நினைப்பதில்லை.

"முன்னாடியே கவனிச்சிருக்கணும்" என்று அடுத்து வருவீர்கள், அதற்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த நோய் மெதுவாக முற்றும் வகை என்றால், தண்ணீர் நிறையக் குடிக்கிறது, அடிக்கடி சிறுநீர் போகிறது என்று வீட்டில் கண்ணில் படுவதற்குள்ளேயே சிறுநீரகத்தின் வேலைத்திறனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போயிருக்கும். அதுவரை நாய் நன்றாகத்தான் தெரியும். சாப்பிடாமல் கிடந்த அந்த மூன்று நாள் காத்திருந்தது சரியா என்று கேட்டால், ரத்தப் பரிசோதனையைப் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது.

மீனா: லீவுக்கு நான் "பெரியப்பா தவறிட்டார்"னு சொல்லிடுவேன். நாய்னு சொன்னா சிரிப்பாங்க. செந்தில் சாரும் அப்படிச் சொல்லியிருக்கலாம்.

வேண்டாம் மீனா. மறுநாள் நாலு பேர் வந்து பெரியப்பாவைப் பற்றி விசாரிப்பார்கள். இல்லாத சாவுக்கு முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும், உண்மையான சாவை விழுங்க வேண்டும். "வீட்டு நாய் இறந்துவிட்டது, இன்று ஒருநாள் லீவு வேண்டும்" என்று ஒரே வரியில் சொல்லுங்கள். மேலே விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

ஜெயந்தி: மன்னிக்கணும். போன வருஷம் என் அம்மா போனாங்க. நாய்க்கு லீவு, நாய்க்குத் துக்கம்னு படிக்கும்போது வயிறு எரியுது. ரெண்டும் ஒண்ணா?

மீனா: யாரும் ஒண்ணுன்னு சொல்லலையே அக்கா.

ஜெயந்தி: சொல்லாமலே அப்படித்தான் எழுதறீங்க எல்லாரும். எங்க அம்மாவுக்கே மூணாம் நாள் வேலைக்குப் போனேன்.

ராமநாதன்: மனுஷ உயிரும் மிருக உயிரும் ஒண்ணாகாது. ஜெயந்தி சொல்றது நியாயம்.

செந்தில்: எங்க அப்பா போனப்பகூட நான் இப்படி அழல. அதுதான் எனக்கே அசிங்கமா இருக்கு.

ஜெயந்தி, உங்கள் அம்மாவையும் ஒரு நாயையும் தராசில் வைக்க நான் வரவில்லை. மூன்றாம் நாளே வேலைக்குப் போக வேண்டியிருந்தது உங்களுக்கு நடந்த அநியாயம். அதே அநியாயம் செந்திலுக்கும் நடக்கட்டும் என்று நீங்களும் நினைக்க மாட்டீர்கள்.

செந்தில், அப்பாவுக்கு அழாததையும் இதையும் முடிச்சுப் போடாதீர்கள். அப்பா இறந்தபோது உங்களுக்குச் செய்ய வேலைகள் இருந்திருக்கும், சுற்றி ஆட்கள் இருந்திருப்பார்கள். நாயோடு உங்களுக்கு இருந்த உறவு தினசரி வேலைகளால் ஆனது. எத்தனை மணிக்கு எழுவது, எப்போது வெளியே கூட்டிப்போவது, சாயங்காலம் கதவைத் திறந்ததும் யார் ஓடி வருவது என்று எல்லாம் அதைச் சுற்றித்தான் இருந்தது. அது போனதும் நாளில் பல இடங்களில் அந்த இல்லாமை இடறுகிறது. நீங்கள் அழுவது அந்த இடங்களில்தான். காலையில் அதே நேரத்துக்கு எழுந்து அதே வழியில் தனியாக நடந்து பாருங்கள். முதல் சில நாள் கஷ்டமாக இருக்கும்.

ஜெயந்தி: நீங்க சொல்றது புரியுது மேடம். ஆனா எனக்கு இன்னும் ஒத்துக்க முடியல.

சரிம்மா.

கார்த்திக்: என் பூனை இன்னும் உயிரோடதான் இருக்கு. புற்றுநோய். நான் இப்பவே அழறேன். எப்ப ஊசி போடணும்னு எப்படித் தெரியும்?

ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற கால்நடை மருத்துவர் ஒரு அளவுமுறை வைத்திருக்கிறார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் 10-க்கு மதிப்பெண். கூட்டினால் 35-க்கு மேல் இருக்கும்வரை தொடரலாம் என்பது அவர் கணக்கு. ஒரே ஒரு நாள் போட்டால் உங்கள் மனநிலைதான் தெரியும். தினமும் நோட்டில் எழுதி, இறங்குகிறதா என்று பாருங்கள். வீட்டில் இன்னொருவரும் தனியாகப் போடட்டும். அந்த நோட்டோடு டாக்டரிடம் போங்கள். மூச்சு வாங்கினால் மட்டும் கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

தமிழ்: ராத்திரி அது நடக்கற நகச் சத்தம் கேக்குது. பைத்தியம் பிடிச்சுடுச்சா?

இல்லை. மனிதரைப் பறிகொடுத்தவர்களுக்கும் கேட்கும். போகப்போகக் குறையும்.

அனிதா: புதுக் குட்டி எப்போ வாங்கலாம்?

பிரியாவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

சுந்தர்: ரெண்டு பூனைல ஒண்ணு போயிடுச்சு. இன்னொண்ணு தேடிக்கிட்டே கத்துது, சரியா சாப்பிடறதில்ல. அதுக்கும் துக்கமா?

தேடும், கத்தும், போன பூனை படுத்த இடத்திலேயே போய்ப் படுக்கும். உங்களைப் போலத் துக்கப்படுகிறதா என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் பூனை சாப்பிடாததை மட்டும் துக்கம் என்று விட்டுவிடாதீர்கள். பட்டினி கிடந்தால் உடம்பின் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து ஈரலே செயலிழக்கும். குண்டுப் பூனைக்கு ஆபத்து இன்னும் அதிகம். முழுதாக இரண்டு நாள் வரை காத்திருக்காதீர்கள்.

விஜி: நாய் போய் ரெண்டு மாசம். தூக்கமே இல்ல. அது போன இடத்துக்கே நானும் போயிடணும்னு தோணுது. சொன்னா சிரிப்பாங்க.

விஜி, நான் சிரிக்கவில்லை. இது எனக்குத் தெரிந்த வைத்தியத்துக்கு அப்பாற்பட்டது. இன்றைக்கே மனநல மருத்துவரிடமோ பக்கத்து மருத்துவமனைக்கோ போங்கள். உங்கள் ஊர்த் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கும் பேசலாம். இங்கே எழுதிய அதே வார்த்தைகளை வீட்டில் ஒருவரிடம் இப்போதே சொல்லி, அவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். நாயைப் பற்றிச் சொல்லக் கூச்சமாக இருந்தால், தூக்கம் இல்லை, சாகத் தோன்றுகிறது என்ற இரண்டை மட்டும் சொன்னால் போதும். இதற்கு ஒரு பதில் எழுதுங்கள், பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

விஜி: அக்காகிட்ட சொல்லிட்டேன். கிளம்பறோம்.

சரி. போய்விட்டு வந்து சொல்லுங்கள்.

பாலா: அடுத்த குட்டி உடனே வாங்கினா துக்கம் போயிடுமா, இல்ல கொஞ்ச நாள்...

மூன்றாம் முறை. மேலே பாருங்கள் பாலா.

சுந்தர்: மேடம், நேத்து காலையிலிருந்து தண்ணி மட்டும்தான் குடிக்குது. கொஞ்சம் குண்டுப் பூனைதான்.

இன்றே கூட்டிப் போங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.