தாத்தா வீட்டுப் பத்திரமும் என் மூன்று பெயர்களும்

*நான் சிங்கப்பூர்க் குடிமகன். பழைய அடையாள அட்டையில் ‘முருகேசன் த/பெ ராமசாமி’ என்றிருந்ததை 2016இல் ‘முருகேசன் ராமசாமி’ என்று மாற்றிக்கொண்டேன். ஊரில் தாத்தா வீட்டுப் பத்திரத்தில் ‘ரா. முருகேசன்’ என்றிருக்கிறது. பெயர் மாற்றத்துக்குப் பிரமாணப் பத்திரம் தரச் சொல்கிறார்கள். நண்பர் கொடுத்த மாதிரியை வைத்து எழுதியதை இணைத்திருக்கிறேன். சரியா? — வாசகர், ஈசூன்*

சரியில்லை, ஐயா. இரண்டாம் வரியிலேயே சிக்கல் இருக்கிறது. ‘இதன் மூலம் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். சிங்கப்பூரில் உங்கள் பெயரை மாற்றியது டீட் போல் என்ற பெயர் மாற்றப் பத்திரம். அது 2016லேயே முடிந்துவிட்டது. பிரமாணப் பத்திரத்தின் வேலை, நடந்து முடிந்ததைச் சாட்சியாகச் சொல்வது மட்டும்தான். உங்கள் வாசகத்தின்படி பெயர் இந்த ஆண்டுதான் மாறுகிறது. டீட் போலையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் எழுத்தர் இரண்டு தேதிகளையும் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவார். அவர் மேல் குற்றமில்லை.

அடுத்தது ‘ரா. முருகேசன்’. நீங்கள் அந்தப் பெயரிலிருந்து மாறவே இல்லை. தகப்பனார் பெயரின் முதலெழுத்தை முன்னால் போடும் ஊர் வழக்கம் அது. அதையும் ‘முன்னாள் பெயர்’ என்று எழுதினால், டீட் போலில் அந்தப் பெயர் எங்கே என்று கேட்பார்கள். மாறிய பெயரை ‘மாற்றினேன்’ என்றும், வழங்கிய பெயரை ‘அழைக்கப்பட்டேன்’ என்றும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள்.

எண்ணிட்ட பத்திகளில் பத்திக்கு ஒரு செய்தி போதும். உங்கள் கதையை நான் இப்படி எழுதுவேன். தாக்கல் ஆங்கிலத்தில்தான் இருக்கும், இது பொருள் விளங்குவதற்கு:

1. நான் சிங்கப்பூர்க் குடிமகன். என் அடையாள அட்டை எண் இன்னது.

2. 2016ஆம் ஆண்டு இன்ன தேதியிட்ட டீட் போல் மூலம் என் பெயரை ‘முருகேசன் த/பெ ராமசாமி’ என்பதிலிருந்து ‘முருகேசன் ராமசாமி’ என மாற்றினேன். அதன் நகல் ‘எம்ஆர்-1’ எனக் குறியிட்டு இணைக்கப்பட்டுள்ளது.

3. இன்ன தேதியிட்ட, இன்ன எண்ணுள்ள கிரயப் பத்திரத்தில் ‘ரா. முருகேசன்’ என்று குறிப்பிடப்பட்டவன் நானே. ‘ரா.’ என்பது என் தந்தை ராமசாமியின் பெயரின் முதலெழுத்து. பத்திரத்தின் நகல் ‘எம்ஆர்-2’.

4. மேற்கண்ட மூன்று பெயர்களும் ஒரே நபரான என்னையே குறிக்கின்றன.

நான்காம் பத்திக்குத்தான் இத்தனையும். ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒவ்வோர் ஆவணத்திலும் உள்ளபடியே, பிழையோடு இருந்தாலும், பார்த்து எழுதுங்கள். அழகுபடுத்தினால் நான்காவதாக ஒரு பெயர் பிறந்துவிடும்.

இனி உறுதிமொழி வாசகம். நண்பரின் மாதிரியில் தொடக்கம் சத்தியப் பிரமாணமாகவும் முடிவு இன்னொரு வகையாகவும் இருக்கிறது. வழக்கு ஏதும் இல்லாத இது போன்ற காரியத்துக்கு இங்கே வழக்கமாகப் பயன்படுவது சட்டபூர்வ உறுதிமொழி. ஊர் அலுவலகம் அதை ஏற்குமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்றால், 2000ஆம் ஆண்டின் பிரமாணங்கள் மற்றும் உறுதிமொழிகள் சட்டத்தில் உள்ள வாசகத்தை வார்த்தை பிசகாமல் எடுங்கள். தொடக்கம் ‘உளமார, உண்மையாக அறிவிக்கிறேன்’ என்ற பொருளில் வரும். முடிவில் மூன்று செய்திகள் இருக்க வேண்டும்: அந்தச் சட்டத்தின்படி இதைச் செய்கிறேன், பொய் கூறினால் அது விதிக்கும் தண்டனைக்கு உட்படுகிறேன், இதிலுள்ள கூற்றுகள் ஒவ்வொரு விவரத்திலும் உண்மை என மனசாட்சியோடு நம்புகிறேன். ‘எனக்குத் தெரிந்தவரை’ என்று நண்பர் சேர்த்திருக்கும் சொற்களை அடித்துவிடுங்கள். சொந்தப் பெயர் உங்களுக்குத் தெரிந்தவரைதானா?

பிரமாணப் பத்திரமேதான் வேண்டும் என்று ஊரில் பிடிவாதம் பிடித்தால், சத்தியம் செய்வதற்குப் பதிலாக உறுதிமொழி கூறும் வழி உண்டு. இந்துக்கள் இங்கே வழக்கமாகச் செய்வது அதுதான். அப்போது தொடக்கமும், கையெழுத்துக்குக் கீழே வரும் சான்று வரியும் ‘உறுதிமொழி கூறி’ என்றே இருக்க வேண்டும். ஓரிடத்தில் சத்தியம், இன்னோரிடத்தில் உறுதிமொழி என்று கலக்கக் கூடாது.

வீட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகாதீர்கள். இந்தியாவில் பயன்படுவதால் நோட்டரியின் முன்னிலையில் கையெழுத்திடுங்கள். இணைப்புகளையும் அவர் அடையாளமிடுவார்; திருத்தம் இருந்தால் அந்த இடத்தில் இருவரும் சுருக்கொப்பம் இட வேண்டும். பிறகு சிங்கப்பூர் சட்ட அகாடமியின் அப்போஸ்டில், அதாவது ஆவணம் வெளிநாட்டில் செல்லுவதற்கான சான்று, வேண்டும். 2021 செப்டம்பர் 16 முதல் சிங்கப்பூரில் அப்போஸ்டிலுக்கான பன்னாட்டு ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது, இந்தியாவும் அதில் உறுப்பினர். நோட்டரியிடம் போகும்போதே ‘இந்தியாவுக்கு’ என்று சொல்லிவிடுங்கள். டீட் போலின் அசலையும் மறக்காமல் கொண்டுபோங்கள். நகலை அதோடு ஒப்பிட்டுப் பார்த்தபின்தான் அவர் ‘எம்ஆர்-1’ என்று எழுதுவார்.