ஆத்தங்குடி கல் விற்க வந்தவருக்கு எத்தனை ஆர்க்கிடெக்ட் தொடர்பு வேண்டும்?

"ஆத்தங்குடி டைல்ஸ் தொழிலில் இப்போதுதான் இறங்கியிருக்கிறேன். கண்காட்சிகளுக்குப் போய் முடிந்த அளவு ஆர்க்கிடெக்ட் நம்பர்களைச் சேர்ப்பதுதானே நல்லது?"

நம் தொழிலுக்கு அது பெரிதாக உதவாது. வீடு தரை போடும் கட்டத்துக்கு வந்தால்தான் ஆர்க்கிடெக்ட்டுக்குக் கல் தேவை. இன்று கார்டு கொடுத்தவர் ஒரு வருடம் கழித்துத் தேடலாம். அன்று யார் முகம் நினைவில் நிற்கிறதோ அவருக்குத்தான் ஆர்டர். எல்லோருக்கும் ஒரே வாட்ஸ்அப் படத்தை அனுப்புகிறவரின் நம்பரைப் பலர் சேமிப்பதுகூட இல்லை.

அஞ்சாறு பேரோடு நன்றாகப் பழகுங்கள். காரைக்குடிப் பக்கம் வந்தால் பட்டறைக்கு அழைத்து, கண்ணாடி மேல் அச்சு வைத்து வண்ணச் சிமெண்ட் ஊற்றுவதைக் காட்டுங்கள். கைவேலை என்பதால் கல்லுக்குக் கல் நிறம் கொஞ்சம் முன்பின் இருக்கும், ஆசிட் ஊற்றிக் கழுவினால் மேற்பரப்பு அரித்துவிடும் என்பதை ஆர்டருக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பின்னால் வீட்டுக்காரர் முன் ஆர்க்கிடெக்ட் தலைகுனிய வேண்டியிருக்காது. அப்புறம், குடிபோன சில மாதத்தில் ஒரு போன்: "சார், எங்கேயாவது கறை பிடிச்சிருக்கா?" பணம் வந்ததும் பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

சொன்ன தேதிக்குக் கொடுக்க முடியாதென்றால் பக்கத்துப் பட்டறையைக் கைகாட்டுங்கள். ஆர்டர் எதுவும் இல்லாத நாளில் சந்தேகம் கேட்க ஆர்க்கிடெக்ட் உங்களைக் கூப்பிட்டால், உறவு பிடித்துக்கொண்டது என்று அர்த்தம்.