கடிதத்தைப் படித்துவிட்டு மனைவி அழுகிறாள்

கேள்வி: என் மனைவிக்கு 71 வயது. அல்சைமர் வந்து நான்கு வருடமாகிறது. சாயங்காலம் நான் கடைக்குப் போனால், "அவர் ஷிப்ட் முடிஞ்சு இன்னும் வரலையே" என்று வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்கிறாள். கூட இருக்கும் பெண் சொன்னால் கேட்பதில்லை. எழுதியிருந்தால் படிக்கிறாள். இரண்டு பக்கம் கடிதம் எழுதி வைத்தேன், படித்துவிட்டு அழுதாள். நகல் இணைத்திருக்கிறேன். எப்படி எழுதுவது?
– வாசகர், கடலூர்

பதில்: இந்த நோயில் நேற்று நடந்தது முதலில் போய்விடும். எழுத்தை வாசிக்கும் பழக்கம் வெகுநாள் தாக்குப்பிடிக்கும். ஆனால் அவர் இரண்டாவது பத்திக்கு வரும்போது முதல் பத்தி நழுவியிருக்கும். நகலைப் பார்த்தேன். "ஞாபகம் இருக்கிறதா?" என்று மூன்று இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். அவருக்கு அது பரீட்சை. "உன் அண்ணன் போனதைக்கூட மறந்துவிட்டாயே" என்ற வரி அதைவிடக் கஷ்டம். படிக்கிற ஒவ்வொரு முறையும் அவருக்கு அது அன்றைக்கு வந்த சாவுச்செய்திதான். காரணம் மறந்த பிறகும் அந்தத் துக்கம் மட்டும் மனதில் தங்கிவிடும்.

அரைத்தாள் போதும். கோடில்லாத வெள்ளைத்தாள், கறுப்பு ஸ்கெட்ச் பேனா, பெரிய எழுத்து, வரிக்கு ஒரு செய்தி. (மூக்குக்கண்ணாடி பக்கத்திலேயே இருக்கட்டும்.) நெய்வேலி நாட்களைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை வைத்து நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

ராஜாத்தி,
கடைக்குப் போயிருக்கிறேன்.
காபி குடிக்க வந்துவிடுவேன்.
நெய்வேலி குவார்ட்டர்ஸில் இருந்தபோது ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வருவேன்.
நீ வாசலில் நிற்பாய்.
டபராவில் காபி சூடாக இருக்கும்.
உன் வீட்டுக்காரர்

இதில் கேள்வியே இல்லை. "ஐந்து மணிக்கு வருவேன்" என்றும் எழுதவில்லை. எழுதினால் கடிகாரத்தையே பார்த்துத் தவிப்பார். "ஷிப்டில் இருக்கிறேன்" என்று பொய் சொல்லவும் தேவையில்லை. கடைக்குப் போனது உண்மை, சைக்கிளில் வந்ததும் உண்மை, அது போதும். சொன்னபடி வந்ததும் காபி குடித்துவிடுங்கள். உங்களை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை என்கிறீர்கள், அதனால்தான் கீழே பெயர் இல்லை. பக்கத்தில் ஒரு படம் ஒட்டுங்கள், ஆனால் இப்போதைய படம் வேண்டாம். அவர் தேடுவது நாற்பது வருடத்துக்கு முந்தைய உங்களை. நரைத்த முகம் அவருக்கு யாரோ போலத் தெரியலாம். நேற்றுப் படித்த அதே தாளையே இன்றும் வைக்கலாம், அவருக்கு அது புதிதுதான்.

முதல் இரண்டு மூன்று நாள், படிக்கும்போது அவர் முகத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். தோள் தளர்ந்து உட்கார்ந்தால் சரி. தாளை மடித்து வைத்துவிட்டு மறுபடி வாசலுக்கு நடந்தால் வாசிப்பு அவருக்கு எட்டவில்லை என்று அர்த்தம். அப்புறம் அதே வரிகளை அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் படித்துக் காட்டட்டும். கடிதம் இருக்கிறதே என்று அவரைத் தனியே மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஒன்று. இந்தத் தவிப்பு ஓரிரு நாளில் திடீரென்று ஏறினால் கடிதத்தை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை இவற்றில் ஏதாவது இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.