ஆறு முறை சேலை மாற்றிய படம்

கேள்வி: காலமான எங்கள் அம்மாவின் படத்தில் சாதாரணச் சேலைக்குப் பதிலாகப் பட்டுச்சேலை வைத்துத் தரச் சொல்லி ஸ்டுடியோவில் கொடுத்தோம். நிறம், பார்டர், ரவிக்கைக் கை, மாலை என்று ஆறு முறை திருத்தம். வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பும் படத்திலேயே குறித்துத் திருப்பி அனுப்புவோம், அதன் மேலேயே அடுத்த திருத்தம் செய்தார்கள். 12க்கு 16 அங்குலம் பிரிண்ட் போட்டால் முகம் திட்டுத் திட்டாக இருக்கிறது, பார்டர் சிவப்பு கையில் கசிகிறது. "ஒரிஜினலே சரியில்லை, தெளிவாக்கித் தர தனிக் காசு" என்கிறார்கள். — ஆர்.எஸ்., கும்பகோணம்

பதில்: கொடுக்காதீர்கள். தவறு முழுக்க அவர்களுடையது. நீங்கள் அனுப்பியிருக்கும் இரண்டு கோப்புகளையும் பார்த்தேன். போனில் எடுத்த அசல் 3000 x 4000 பிக்சல், நல்ல படம். அவர்கள் கடைசியாகத் தந்தது 1200 x 1600. அதை 16 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 100 பிக்சல்தான் வரும். அசலில் 250 வந்திருக்கும்.

அளவு குறைந்தது பாதிக் கதைதான். ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நுண்ணிய விவரத்தைத் தோராயமாக்கிச் சேமிக்கிறது. நிறத்தில் இன்னும் தாராளமாக வெட்டும். பெரும்பாலும் நான்கு பிக்சலுக்கு ஒரே நிறத் தகவல்தான் மிஞ்சும். சிவப்பு பார்டர் தோலோடு சேரும் இடத்தில் நிறம் கசிவது அதனால்தான். ஒருமுறை சேமித்தால் கண்ணுக்குத் தெரியாது. அதையே திறந்து, திருத்தி, மறுபடி ஜேபெக்காகச் சேமித்தால், முதல் தடவை விழுந்த அழுக்கையும் படத்தின் பகுதி என்றே அது எடுத்துக்கொண்டு, அதன் மேல் புதிதாகத் தோராயம் போடும்.

எதையும் மாற்றாமல் ஒரே தரத்தில் திரும்பத் திரும்பச் சேமித்தால் சேதம் சில தடவைகளில் பெரும்பாலும் நின்றுவிடும். உடை மாற்றும் வேலையில் அப்படி நடப்பதில்லை. ஒரு தடவை ஓரம் வெட்டுகிறார்கள், ஒரு தடவை வாட்ஸ்அப் படத்தைச் சுருக்குகிறது, இன்னொரு தடவை தர அளவு மாறுகிறது. கட்டங்கள் வேறு வேறு இடத்தில் விழுகின்றன, ஒவ்வொரு சுற்றும் புதுச் சேதம்.

எனக்குக் கோபம் வருவது எதற்கென்றால், அம்மாவின் முகத்தில் யாரும் கை வைக்கச் சொல்லவில்லை. திருத்தம் எல்லாம் சேலையில்தான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் முழுப் படமும் சேர்ந்தே அழுத்தப்பட்டதால், தொடாத முகம்தான் அதிகம் கெட்டிருக்கிறது. புருவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், அசலில் முடி முடியாகத் தெரிவது கடைசிப் படத்தில் ஒரே பழுப்புக் கோடாக இருக்கிறது.

முறை தெரிந்த ஸ்டுடியோ என்ன செய்யும் என்றால், அசலை அடி லேயராக வைத்து அதைத் தொடவே தொடாது. சேலை ஒரு லேயர், பார்டர் நிறம் ஒரு லேயர், மாலை ஒரு லேயர். இதைப் பிஎஸ்டி கோப்பாகவோ, லேயரோடு டிஃப் கோப்பாகவோ வைத்துக்கொள்ளும். உங்களுக்குக் காட்ட மட்டும் அதிலிருந்து ஒரு ஜேபெக் எடுத்து அனுப்பும். நீங்கள் அதில் குறித்து அனுப்பினால், குறிப்பைப் பார்த்துவிட்டு மூலக் கோப்பில் திருத்தும். ஆறு சுற்று போனாலும் அறுபது சுற்று போனாலும், பிரிண்டுக்குப் போகும் படம் ஸ்டுடியோவில் ஒரே ஒரு தடவைதான் அழுத்தப்பட்டிருக்கும்.

இப்போது போய் "பிஎஸ்டி இருக்கிறதா" என்று கேளுங்கள். இருந்து, அதன் அடி லேயர் உங்கள் முழு அளவு அசலாகவும் இருந்தால், சீக்கிரம் முடிகிற வேலை. இல்லையென்றால் அசல் படத்தை வாட்ஸ்அப்பில் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பி (அப்படி அனுப்பினால் அது சுருக்காது) காசில்லாமல் முதலிலிருந்து செய்து தரச் சொல்லுங்கள். கெட்ட படத்தைக் கூர்மையாக்கித் தருவதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம், அழுக்கும் சேர்ந்துதான் கூர்மையாகும். மறுத்தால் ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். இது சேவைக் குறைபாடு.

கேள்வி: ஜேபெக்கில் தரத்தை 100 வைத்துச் சேமித்தால் இழப்பே இல்லைதானே? — கே., ஓசூர்

பதில்: இருக்கிறது. குறைவு, அவ்வளவுதான். கோப்பு மட்டும் பெரிதாகும்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் வந்த குடும்பப் படங்களையெல்லாம் பிஎன்ஜி ஆக்கினேன். இடம் போதாமல் 2 டிபி டிஸ்க் வாங்கினேன். இனி தெளிவு கூடுமா? — வி.எம்., ஆவடி

பதில்: கூடாது. போன விவரம் போனதுதான். பிஎன்ஜி இருப்பதை இருக்கிறபடி காக்கும், அவ்வளவுதான். டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்க நாள் இருந்தால் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: குர்தி விற்கிறேன். ஒரே படத்தில் எட்டு நிறம் மாற்றித் தர எடிட்டருக்குக் காசு கொடுத்தேன். பிஎன்ஜி கேட்டேன், பிஎன்ஜிதான் தந்தார். ஆனால் எட்டாவது நிறத்தில் பூவேலைப்பாடு கரைந்து கிடக்கிறது. ஏமாற்றினாரா? — எஸ்., திருப்பூர்

பதில்: பெரும்பாலும் ஆம். முதல் நிறத்தை ஜேபெக்காகச் சேமித்து, அதிலிருந்து இரண்டாவது, அதிலிருந்து மூன்றாவது என்று போய்விட்டு, கடைசியில் பிஎன்ஜி என்று மாற்றித் தந்திருப்பார். கோப்பின் பெயர் ஒன்றையும் நிரூபிக்காது.

நீங்களே சோதிக்கலாம். ஃபோட்டோஷாப்பிலோ கிம்ப்பிலோ அசலின் மேல் அவர் தந்த படத்தை அப்படியே பொருத்தி வையுங்கள். இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும். மேல் லேயரை `Difference` முறைக்கு மாற்றுங்கள். மாறாத இடமெல்லாம் முழுக் கறுப்பாக வரவேண்டும், அதாவது மாடலின் முகம், பின்சுவர். குர்தி மட்டும் வெளிச்சமாகத் தெரியும். `Flatten Image` கொடுத்து இரண்டு லேயரையும் ஒன்றாக்கிவிட்டு, `Levels` கொண்டு வெளிச்சத்தைக் கூட்டினதும் முகத்திலும் சுவரிலும் புள்ளியும் கட்டமும் கிளம்பினால், நடுவில் எங்கேயோ ஜேபெக் புகுந்திருக்கிறது. அந்தப் படத்தை ஆதாரமாக வைத்துப் பணம் கேளுங்கள்.

இழப்பில்லாமல் சேமிக்கும் என்று விளம்பரம் செய்த ஒரு மொபைல் ஆப்புக்கு நானும் ஒரு வருடச் சந்தா கட்டினேன். இதே சோதனையில் முகம் முழுக்கப் புள்ளி. வேலையைப் பாதியில் மூடித் திறக்கும்போதெல்லாம் அது உள்ளுக்குள் ஜேபெக்காகத்தான் வைத்துக்கொண்டது, கடைசியில் மட்டும் பிஎன்ஜி. பணம் திரும்பவில்லை. எந்த ஆப் வாங்கினாலும் இலவச நாட்களுக்குள் இதைச் செய்து பாருங்கள்.

நிறச்சாயலில் படிப்படியாகக் கோடு தெரிந்தால் அது வேறு கோளாறு. பெரும்பாலும் 256 நிறத்தில் அடக்கிய பிஎன்ஜியாக இருக்கும். அதையும் ஏற்க வேண்டாம்.

கேள்வி: வரன் பார்க்க என் படத்தில் கோட் போட்டு வாங்கினேன். நன்றாக இருந்ததால் அசலை அழித்துவிட்டேன். இப்போது கோட் வேண்டாம், பட்டு வேட்டி சட்டை போதும் என்கிறார் அப்பா. — பி.ஜே., நாமக்கல்

பதில்: சில எம்பி இடத்துக்காக அசலை அழிக்கலாமா? எடிட் செய்யக் கொடுத்த படத்தை, வேலை முழுக்க முடிந்து பிரிண்ட் கைக்கு வரும்வரை அழிக்கக் கூடாது என்று இந்தப் பகுதியில் பலமுறை எழுதியாயிற்று. போன் கேலரியின் குப்பைத்தொட்டியில் இன்னும் கிடக்கலாம், இன்றே பாருங்கள். அங்கே இல்லையென்றால் கோட் போட்டவரிடம் லேயர் கோப்பு கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் வேட்டி கட்டிக்கொண்டு புதிதாகப் படம் எடுத்துவிடுங்கள், எடிட் கூலி மிச்சம்.