மூன்றாவது சிலிண்டர் மட்டும் 110: ரிங்கா, வால்வா, கேஸ்கட்டா?

"என் நாலு சிலிண்டர் பெட்ரோல் கார் ஐடிலில் உதறுகிறது. கம்ப்ரஷன் பார்த்ததில் 175, 170, 110, 172 பிஎஸ்ஐ வந்தது. ரிங் போய்விட்டது, இன்ஜினைப் பிரிக்கணும் என்கிறார் மெக்கானிக். இந்த எண்களை வைத்தே அப்படிச் சொல்லிவிட முடியுமா?"

முடியாது. மூன்றாவது சிலிண்டரில் காற்று ஒழுகுகிறது என்பது வரைக்கும்தான் அந்த 110 சொல்கிறது. எந்த வழியாக ஒழுகுகிறது என்பதை இன்னும் இரண்டு மூன்று சோதனை செய்துதான் பிடிக்க வேண்டும். ஒழுகுகிறது என்பதில் மட்டும் சந்தேகமில்லை. மிகக் குறைந்த எண், மிக அதிகமானதில் முக்கால் பங்காவது இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. 175-க்கு முக்கால் பங்கு சுமார் 131.

முதலில் அளந்த விதம் சரியா என்று கேளுங்கள். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும். பேட்டரியில் நல்ல சார்ஜ் வேண்டும். நாலு ஸ்பார்க் பிளக்கும் வெளியே வந்திருக்க வேண்டும். பெட்ரோல் பம்ப் ஃபியூஸையும் காயில் கனெக்டர்களையும் கழற்றிவிட்டு, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடிக்க வேண்டும். நான் ஒருமுறை ஆக்சிலேட்டரை மிதிக்க மறந்து, நாலு சிலிண்டரும் ஒன்றுபோல் குறைவாகக் காட்ட, டைமிங் பெல்ட் பல் தாண்டிவிட்டது என்று அரை நாள் தேடியிருக்கிறேன். உங்கள் காரில் மற்ற மூன்றும் 170-ஐ ஒட்டி இருப்பதால் அந்தத் தவறு நடந்திருக்காது.

அடுத்து, மூன்றாவது சிலிண்டரில் கேஜைத் திரும்ப மாட்டி, முள் எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். பலர் கடைசி எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு இதை விட்டுவிடுகிறார்கள். ரிங் தேய்ந்திருந்தால் முதல் அடியில் முள் 50-ஐ ஒட்டி நிற்கும். அப்புறம் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போகும். வால்வு சரியாக மூடாவிட்டால் முதல் அடியிலும் குறைவாகத்தான் இருக்கும், ஆனால் சீக்கிரமே ஓரிடத்தில் நின்றுவிடும். மேலும் நாலு அடி கொடுத்தாலும் பெரிதாக அசையாது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கையில், ஐந்தோ ஆறோ அடி கொடுப்பதும் இதனால்தான்.

இனி எண்ணெய்ச் சோதனை. பிளக் துளை வழியாக ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி. இன்ஜின் ஆயில் விட்டு, இரண்டு சுற்று சுற்றவிட்டு, திரும்ப அளங்கள். ரிங்கைச் சுற்றியுள்ள இடைவெளியை ஆயில் சற்று நேரம் அடைத்துக்கொள்ளும். 110 என்பது 150-க்கு மேல் எகிறினால் மெக்கானிக் சொன்னது சரி. 115-இலேயே நின்றால் ரிங்மேல் பழி போட முடியாது. தாராளமாக ஆயிலை ஊற்றிவிடக் கூடாது. பிஸ்டனுக்கு மேலே இருக்கும் இடம் குறைந்து, எந்தப் பழுதாக இருந்தாலும் எண் ஏறிவிடும்.

ஆயிலுக்கு மசியாவிட்டால் மிச்சம் வால்வும் ஹெட் கேஸ்கட்டும். இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே கேஸ்கட் கிழிந்திருந்தால் பக்கத்துச் சிலிண்டரும் சேர்ந்து இறங்கும்; 175, 170, 70, 65 என்பதுபோல ஜோடியாக வரும். உங்களுக்கு இரண்டும் நாலும் நன்றாக இருப்பதால் அந்த வகைக் கிழிசல் இல்லை. கூலன்ட் பாதைக்குள் ஒழுகும் கேஸ்கட் வேறு ரகம். அதில் கம்ப்ரஷன் எண் கிட்டத்தட்ட சரியாகவே இருக்கக்கூடும்; ரேடியேட்டரில் குமிழி வருவதும் கூலன்ட் குறைந்துகொண்டே போவதும்தான் காட்டிக்கொடுக்கும்.

உறுதிப்படுத்த, மூன்றாவது பிஸ்டனைக் கம்ப்ரஷன் அடியின் உச்சிக்குக் கொண்டுவந்து, பிளக் துளை வழியாகக் கம்ப்ரஸர் காற்றைக் கொடுத்துக் காது வையுங்கள். காற்று தள்ளும்போது கிராங்க் சட்டென்று சுழலும், அதனால் புல்லியில் ஸ்பேனரை விட்டுவைக்காதீர்கள். சைலன்சரில் உஸ் என்று கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ஏர் ஃபில்டர் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் பலமாக வீசினால் ரிங். லேசாக வருவது எல்லா இன்ஜினிலும் உண்டு.

என் ஊகம் எக்ஸாஸ்ட் வால்வு. அப்படியே வந்தாலும் உடனே ஹெட்டை இறக்கச் சொல்லாதீர்கள். டாப்பெட் இடைவெளியைக் கையால் சரிசெய்யும் இன்ஜின் என்றால், கையேட்டில் சொன்ன நிலையில் அதை அளந்து பாருங்கள். ஃபீலர் கேஜின் மெல்லிய தகடுகூட நுழையாவிட்டால், வால்வு முழுதாக மூட வழியில்லாமல் தொங்கிக்கொண்டிருக்கிறது. இடைவெளியைச் சரிசெய்துவிட்டு மறுபடி அளக்கும்போது 165-ஐத் தொட்டால் வேலை அதோடு முடிந்தது. அப்போதும் 110 என்றால் வால்வோ அதன் சீட்டோ கருகியிருக்கும். ஹெட்டை இறக்கித்தான் ஆக வேண்டும், ஆனால் பிஸ்டனை வெளியே எடுக்கத் தேவையில்லை.