கம்பெனியை விற்றால் யாருக்கு முதல் பணம்?

கேள்வி: எங்கள் ஸ்டார்ட்அப்புக்கு முதலீட்டு நிபந்தனைகளைச் சொல்லும் முதல் டெர்ம் ஷீட் வந்திருக்கிறது. 10 கோடி போட்டு 25 சதவீதம் கேட்கிறார்கள். "1 மடங்கு பார்ட்டிசிப்பேட்டிங் லிக்விடேஷன் ப்ரிஃபரன்ஸ்" என்று ஒரு வரியும் இருக்கிறது. கம்பெனியை மூடினால்தானே அது வரும்? கையெழுத்துப் போட்டுவிடலாமா?

பதில்:

போடாதீர்கள், ஒரு வாரம் பொறுங்கள். "லிக்விடேஷன்" என்ற சொல்லைப் பார்த்து நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். டெர்ம் ஷீட்டில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் கொடுத்திருக்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள். கம்பெனியை இன்னொருவர் வாங்குவது, இன்னொன்றோடு இணைப்பது, சொத்துகளை மொத்தமாக விற்பது எல்லாமே அதில் அடங்கும் என்று அநேகமாக எழுதியிருக்கும். ஆகவே நல்லபடியாக விற்றாலும், போட்ட பணத்தை ஒரு மடங்கு முதலில் முதலீட்டாளருக்குக் கொடு என்கிற அந்த வரி வேலை செய்யும்.

விற்ற பணம் மேலிருந்து கீழே இறங்குகிறது. முதலில் கடன், பாக்கிகள், விற்பனையை நடத்திக் கொடுத்த வங்கியாளர், வக்கீல் கட்டணங்கள். அடுத்து முன்னுரிமைப் பங்கு வைத்திருக்கும் முதலீட்டாளர்கள். அவர்களுக்குக் கொடுத்து மிஞ்சினால்தான் நிறுவனர்களும், ஆப்ஷன் எனும் பங்கு வாங்கும் உரிமை பெற்ற ஊழியர்களும். உங்கள் 75 சதவீதம் அந்தக் கடைசிப் படியில்தான் இருக்கிறது.

உங்கள் எண்களிலேயே பார்ப்போம். கடனெல்லாம் போக 30 கோடிக்குக் கம்பெனி விற்கிறது. நான்-பார்ட்டிசிப்பேட்டிங் என்றால் முதலீட்டாளர் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்: போட்ட 10 கோடியைத் திரும்ப எடுக்கலாம், அல்லது சாதாரணப் பங்காக மாற்றி 25 சதவீதமான 7.5 கோடியை எடுக்கலாம். 10 கோடியை எடுப்பார், உங்களுக்கு 20 கோடி. பார்ட்டிசிப்பேட்டிங் என்றால் அவர் இரண்டையும் எடுப்பார். முதலில் 10, அப்புறம் மீதி 20-ல் கால் பங்கான 5. மொத்தம் 15 கோடி. 25 சதவீதக்காரர் பாதிப் பணத்தோடு போகிறார். அந்த ஒரு சொல்லின் விலை உங்களுக்கு 5 கோடி.

இது முதல் சுற்று மட்டும். நான் சறுக்கியது இரண்டாவதில். நான் இணை நிறுவனராக இருந்த கம்பெனியின் முதல் சுற்று உங்களுடையது போலவே 10 கோடி, 25 சதவீதம், ஆனால் நான்-பார்ட்டிசிப்பேட்டிங். இரண்டாம் சுற்றில் ஒருவர் 40 கோடி போட்டு 25 சதவீதம் எடுத்தார். கம்பெனி மதிப்பு 160 கோடி என்று எல்லோரும் கை குலுக்கினோம். முதல் முதலீட்டாளரின் பங்கு 18.75 சதவீதமாகக் குறைந்தது. நிறுவனர்கள் இருவரிடம் 45, ஊழியர் ஆப்ஷனில் 11.25. புதியவர் சீனியர், அதாவது முதல் முதலீட்டாளருக்கும் முன்னால் அவருக்குப் பணம். இவரும் நான்-பார்ட்டிசிப்பேட்டிங்தான் என்பதால் நிம்மதியாக இருந்தோம்.

மூன்று வருடம் கழித்து, செலவெல்லாம் போக 60 கோடிக்கு ஒரு விலை வந்தது. எங்கள் 45 சதவீதத்துக்கு 27 கோடி என்று மனதில் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். நடந்தது வேறு. புதியவர் 40 எடுத்தார். முதல் முதலீட்டாளர் 10 எடுத்தார். மிஞ்சிய 10-ல் எங்கள் இருவருக்கும் சேர்த்து 8, ஊழியர்கள் எல்லோருக்கும் சேர்த்து 2. அதிலும் ஒரு பகுதியை, பின்னால் ஏதாவது வழக்கு வந்தால் என்று, எஸ்க்ரோ என்னும் மூன்றாம் நபர் கணக்கில் ஒரு வருடத்துக்கு மேல் பிடித்து வைத்தார்கள். ஆப்ஷனை நம்பிக் குறைந்த சம்பளத்தில் வேலை பார்த்தவர்களிடம் அந்த 2-ஐ விளக்கிச் சொன்ன நாள் எனக்கு இன்னும் கனமாகத்தான் இருக்கிறது.

பணம் குறைந்ததைவிட முக்கியமான ஒன்றை அப்போதுதான் புரிந்துகொண்டேன். அந்த இரண்டாம் முதலீட்டாளருக்கு 60 கோடிக்கு விற்றாலும் 40, 150 கோடிக்கு விற்றாலும் 40. மாற்றிக்கொண்டால் கிடைக்கும் 25 சதவீதம் 40-ஐத் தாண்ட விலை 160-க்கு மேல் போகவேண்டும். முதல் முதலீட்டாளருக்கு 50-லிருந்து 80 வரை எந்த விலையிலும் 10 கோடிதான். அதாவது 50-க்கும் 80-க்கும் நடுவில் கூடுகிற ஒவ்வொரு கோடியும் முழுக்க எங்களுடையது. நாங்கள் இன்னும் 10 கோடிக்குப் பேரம் பேசியிருந்தால் எங்கள் கடைசிப் படியின் பணம் இரட்டிப்பாகியிருக்கும். முதலீட்டாளர்கள் இருவருக்கும் அதில் ஒரு பைசா லாபமில்லை, பேரம் முறிந்தால் நஷ்டம் மட்டும் உண்டு. ஆகவே "வந்த விலைக்கு முடித்துவிடலாம்" என்று போர்டில் அவர்கள் சொன்னது இயல்புதான். அவர்களைக் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த அறையில் விலையைக் கூட்டக் காரணம் இருந்தவர்கள் நாங்கள் மட்டும்தான், அது எங்களுக்கே தெரியவில்லை.

அமெரிக்காவின் டெலவேர் மாநில நீதிமன்றத்தில் ட்ராடோஸ் என்ற கம்பெனியின் வழக்கு இதற்குப் பெயர்போனது. 2005-இல் அது 6 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. விற்பனையை நடத்திக் கொடுக்க நிர்வாகிகளுக்கென ஒதுக்கிய பங்கு 78 லட்சம் டாலர், முன்னுரிமைப் பங்குக்காரர்களுக்கு 5.22 கோடி டாலர், சாதாரணப் பங்குக்குப் பூஜ்யம். 2013-இல் தீர்ப்பு வந்தது. போர்டு நடந்துகொண்ட முறை நியாயமானது என்று நிரூபிக்கப்படவில்லை, ஆனாலும் சாதாரணப் பங்கின் மதிப்பே பூஜ்யம்தான், எனவே விலை நியாயம் என்று நீதிபதி முடித்தார். பின்னால் கோர்ட்டுக்குப் போய்ச் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தால், அந்த வழி எவ்வளவு குறுகல் என்று இதில் தெரியும்.

இன்னொரு வரியையும் தேடுங்கள்: "சேர்ந்துகொண்டே போகும் டிவிடெண்ட்". ஒவ்வொரு வருடமும் கொடுக்காத டிவிடெண்ட் முன்னுரிமைத் தொகையில் ஏறிக்கொண்டே போகும். எங்களிடம் அது இல்லை. இருந்து, 40 கோடிக்கு வருடம் 8 சதவீதம் என்று வைத்தால் மூன்று வருடத்தில் 9.6 கோடி கூடியிருக்கும். எங்கள் எல்லோருக்கும் மிஞ்சிய 10 கோடி, வெறும் 40 லட்சமாகச் சுருங்கியிருக்கும்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? "பார்ட்டிசிப்பேட்டிங்" என்பதை எடுத்துவிட்டு 1 மடங்கு நான்-பார்ட்டிசிப்பேட்டிங் என்று கேளுங்கள். முதல் சுற்றில் இது சாதாரணமான கோரிக்கை, யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். மறுத்தால் உச்சவரம்பு கேளுங்கள். மொத்தம் 2 மடங்கு என்று வரம்பு வைத்தால் அவர் 20 கோடியில் நின்றுவிடுவார். 80 கோடிக்கு மேல் விற்றால்தான் சாதாரணப் பங்காக மாற்றிக்கொள்வது அவருக்கு லாபம். ஆனால் 30 கோடி விற்பனையில் இந்த வரம்பு உங்களுக்கு உதவாது, அப்போதும் அவர் 15 எடுப்பார். ஆகவே வரம்பை இரண்டாவது தேர்வாகவே வையுங்கள்.

இதில் நீங்கள் ஒப்புக்கொள்வதை அடுத்த சுற்றுக்காரர் ஆரம்பப் புள்ளியாக எடுத்துக்கொள்வார். முதல் முதலீட்டாளருக்குக் கொடுத்தது எனக்கு ஏன் இல்லை என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. அப்புறம், கையெழுத்துக்கு முன் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் 15, 30, 60, 120 கோடி என்று நான்கு விற்பனை விலை போட்டு, ஒவ்வொன்றிலும் யாருக்கு எவ்வளவு என்று நீங்களே நிரப்புங்கள். அதை முதலீட்டாளருக்கு அனுப்பி "இந்த எண்கள் சரிதானே?" என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இருவர் கணக்கும் பொருந்தாவிட்டால், எந்த வரியில் பிரிகிறது என்பதை வக்கீலிடம் காட்டுங்கள்.